‘பில்லு காணோம்’ என்கிறார் கடைக்காரர், ஸ்கிரீன்ஷாட் கேட்டால் கோபம் வருகிறது

தொரப்பாடி தினேஷ் · 8 ஜூலை 2025, மாலை 6:40

வணக்கம். வேலூரில் நான்கே பேர் உள்ள ஒரு மென்பொருள் ஆபீஸில் சப்போர்ட் பார்க்கிறேன். எங்கள் பில்லிங் மென்பொருள் பழையது, விபி6-இல் எழுதியது. தரவு ஆக்சஸ் கோப்பில் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு கோப்பு, ஏப்ரல் ஒன்றாம் தேதி புதிதாகத் தொடங்கும்.

குடியாத்தத்தில் ஒரு ஹார்டுவேர் கடை, பல வருட வாடிக்கையாளர். கவுன்ட்டரில் ஒரு சிஸ்டம், அதில் பில் போடுவது ஒரு அக்கா. உள் அறையில் முதலாளி மேஜையில் இன்னொரு சிஸ்டம். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். இன்று மதியம் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியது:

“தம்பி பில்லு காணோம். ஒண்ணாந்தேதில இருந்து காணோம். நேத்து மட்டும் வந்துச்சி. இன்னிக்கி திரும்பவும் காணோம். இன்னா சாப்ட்வேர்பா இது.”

நான் எழுதியது: “சார், தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் மற்றும் பிழையை மீண்டும் உருவாக்கும் படிநிலைகளை அனுப்பவும்.”

வாய்ஸ் மெசேஜ் வந்தது. “பிழைய நான் எதுக்குப்பா உருவாக்கணும்? அதான் நீங்களே உருவாக்கிக் குடுத்திருக்கீங்களே.”

ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோராம் தேதிக்குள் ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும், ஆடிட்டர் அவரை நச்சரிக்கிறார், அவர் என்னை. எங்கள் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. மரியாதை குறையாமல், அதே சமயம் எனக்கு வேண்டியது சரியாகக் கிடைக்கிற மாதிரி எப்படிக் கேட்பது?

---

சோளிங்கர் சேகர் · மாலை 6:58

ரொம்ப சுலபம். விண்டோஸ் பொத்தான், ஷிஃப்ட், S மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். பழைய விண்டோஸ் 7 என்றால் பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தி பெயின்ட்டில் ஒட்டிச் சேமிக்க வேண்டும். விண்டோஸ் பொத்தானோடு பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தினால் விண்டோஸ் 10-இல் பிக்சர்ஸ் போல்டருக்குள் தானாகவே சேமிக்கும்.

---

தொரப்பாடி தினேஷ் · மாலை 7:02

நன்றி சேகர். எடுப்பது எப்படி என்பதல்ல என் கேள்வி, கேட்பது எப்படி என்பதுதான். எடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள். கவுன்ட்டர் அக்கா போன வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பினார், நீங்கள் சொன்ன மாதிரி வெட்டி. ‘மொத்தம்’ என்ற ஒரே வரி, ஒரு தொகை, அவ்வளவுதான். ‘மொத்தம் கூட வருது, கல்லாவோட சேரல’ என்று எழுதியிருந்தார். அது வேறு பிரச்சனை என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

---

பாகாயம் பாபு · மாலை 7:15

ஏன் இத்தனை சுற்று? எனிடெஸ்க் போடச் சொல்லி நேராக உள்ளே போய்ப் பாருங்கள். கஸ்டமரிடம் படம் கேட்பதே வீண். வெட்டி அனுப்புவார், மங்கலாக அனுப்புவார், மூன்று நாள் கழித்து அனுப்புவார். நாம் பார்த்தால் அஞ்சு நிமிஷம். எட்டு வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

---

தொரப்பாடி தினேஷ் · மாலை 7:21

பாபு அண்ணா, அதையும் செய்தேன், இரண்டு தடவை. மூன்றாம் தேதி கவுன்ட்டர் சிஸ்டத்தில் உள்ளே போனேன். அன்றைய ரிப்போர்ட் எடுத்தேன், அன்று போட்ட பில் எல்லாம் இருந்தது. ‘இருக்கே சார்’ என்றேன். ‘எனக்கு வரலையே’ என்றார். நேற்று ஏழாம் தேதி மறுபடி போனேன், அப்போதும் இருந்தது. இந்த முறை அவருக்கும் வந்தது. ‘சரியாயிடுச்சு சார்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை மறுபடி காணோம். இப்போது அவர் பார்வையில் நான் பொய் சொல்கிறவன்.

---

காட்பாடி கலைவாணி · இரவு 8:10

தினேஷ், பதினான்கு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் ‘தயவுசெய்து’ இருக்கிறது, மரியாதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்துவிட்டு அவர் எழுந்து எதைச் செய்ய வேண்டும்? எந்தத் திரை, எத்தனை படம், எந்த பில், ஒன்றுமே அதில் இல்லை. வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, முன்னால் ஒரு தயவுசெய்து போட்டிருக்கிறோம். கோபம் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று. ‘பிழையை மீண்டும் உருவாக்குங்கள்’ என்பதைக் கடைக்காரர் நிஜமாகவே செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அது ஓடுகிற பில் புத்தகம். சும்மா ஒரு பில் போட்டுப் பார்த்தால் வரிசை எண் ஒன்று போய்விடும். வரி பில்லுக்கு எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அப்புறம் அதை ரத்து செய்ய வேண்டும், அதற்கு ஆடிட்டர் கேள்வி கேட்பார். பரிசோதனை நம் ஆபீஸில்தான் நடக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது, ஏற்கெனவே நடந்த ஒரு பில்லின் கதை. அதனால் உங்கள் செய்தியில் ‘புதிதாக எதுவும் போட வேண்டாம்’ என்ற வரி கட்டாயம் வேண்டும்.

முதலில் எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் பார்த்தது கவுன்ட்டர் சிஸ்டத்தில். அவர் ‘வரலை’ என்பது எந்த சிஸ்டத்தில்?

---

தொரப்பாடி தினேஷ் · இரவு 8:19

அக்கா, கேட்கவே இல்லை. அவர் உள் அறையில் உட்கார்ந்திருப்பார். அங்கேதான் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

---

ஆம்பூர் ரஃபி · இரவு 8:34

நான் சாப்ட்வேர் ஆள் இல்லை. ஷூவுக்கான பசை, நூல், பக்கிள் மொத்த வியாபாரம். கடைக்காரன் பக்கத்திலிருந்து சொல்லட்டுமா தம்பி?

போன வருஷம் எங்கள் கடை சாப்ட்வேரில் ஸ்டாக் மைனஸில் காட்டியது. போன் பண்ணினால் அந்தப் பையன் முதலில் கேட்டது, ‘நீங்க என்ன சார் பண்ணீங்க?’ போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி இருந்தது. நான் ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையில் பண்ணியிருந்தேன், ஒரு பர்ச்சேஸ் என்ட்ரியை அழித்திருந்தேன். அவன் கேட்ட விதத்தில் அது வாயில் வரவில்லை. இரண்டு வாரம் இழுத்தது.

இன்னொரு விஷயம், ஸ்கிரீன்ஷாட் என்றால் அதில் என் பார்ட்டி பெயர், ரேட் எல்லாம் தெரியும். பக்கத்துக் கடைக்கும் நீங்கள்தான் சாப்ட்வேர் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பயம் எங்களுக்கு உண்டு, வாய் விட்டுச் சொல்ல மாட்டோம்.

---

காட்பாடி கலைவாணி · இரவு 9:05

ரஃபி பாய் சொன்ன இரண்டும் முக்கியம். ‘நீங்க என்ன பண்ணீங்க’ என்பதை ‘திரையில் என்ன வந்தது’ என்று மாற்றினாலே பாதிக் கோபம் போய்விடும். கேள்வி ஆளை விட்டுத் திரைக்குப் போகிறது. பார்ட்டி பெயரை மறைக்கலாம் என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

தினேஷ், இதை அவருக்கு அனுப்பிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

> அண்ணா, வணக்கம். ஒண்ணாம் தேதியிலிருந்து பில் தெரியாமல் இருப்பது பெரிய தொந்தரவு, அதுவும் ஆடிட்டர் கேட்கிற நேரத்தில். நேற்று ‘சரியாயிடுச்சு’ என்று நான் சொன்னது தப்பு, மன்னியுங்கள். எங்கள் ஆபீஸ் சிஸ்டத்தில் இது வரவே இல்லை. அதனால் உங்கள் திரையில் வருவதை அப்படியே பார்த்தால்தான் காரணம் பிடிபடும். ஐந்து நிமிட வேலை. புதிதாக பில் எதுவும் போட வேண்டாம்.
>
> இன்று போட்ட ஏதாவது ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். முதல் படம், கவுன்ட்டர் சிஸ்டத்தில் அந்த பில்லைத் திறந்து வைத்து. இரண்டாவது, அதே கவுன்ட்டரில் இன்றைய ரிப்போர்ட். மூன்றாவது, உங்கள் மேஜை சிஸ்டத்தில் இன்றைய ரிப்போர்ட். மூன்றிலும் திரை முழுவதும் தெரிய வேண்டும், கீழே மணி காட்டுகிற பட்டை உட்பட. வெட்ட வேண்டாம். பார்ட்டி பெயர், ரேட்டை மறைத்துவிடலாம், எனக்கு அவை தேவையில்லை. பில் நம்பரும் தேதியும் மட்டும் தெரியட்டும்.
>
> அப்புறம் ஒரு கேள்வி. 28ஆம் தேதியிலிருந்து இன்று வரை எந்தெந்தத் தேதி பில் உங்கள் மேஜையில் தெரிகிறது, எது தெரியவில்லை? தேதியும் உண்டு, இல்லை என்றும் எழுதினால் போதும்.
>
> படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், எழுத்து மங்காது. அக்காவுக்கு வேலை குறைந்த நேரத்தில் அனுப்பினால் போதும். வந்து ஒரு மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்.

‘28ஆம் தேதியிலிருந்து’ என்று ஏன் போட்டேன் என்றால், நன்றாக இருந்த நாட்களும் வேண்டும். கெட்ட நாட்களை மட்டும் பார்த்தால் எது மாறியது என்று தெரியாது. ‘நேத்து மட்டும் வந்துச்சி’ என்று அவர் சொன்னது வெறும் புலம்பல் இல்லை. இதுவரை வந்ததிலேயே நல்ல தகவல் அதுதான்.

---

பாகாயம் பாபு · இரவு 9:20

இவ்வளவு நீளம் படிக்க மாட்டார். மூன்று வரிக்கு மேல் போனால் கடைக்காரர்கள் ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

---

காட்பாடி கலைவாணி · இரவு 9:26

அந்தப் பயம் நியாயம்தான். எழுதி அனுப்பிவிட்டு, அதையே வாய்ஸாகவும் ஒருமுறை சொல்லிவிடலாம். எழுத்து அக்காவுக்கு, குரல் முதலாளிக்கு. படம் எடுக்கப்போவது அக்காதானே.

---

ஆம்பூர் ரஃபி · இரவு 9:31

கம்ப்யூட்டரில் எடுக்கத் தெரியாவிட்டால் போனில் போட்டோ எடுக்கலாமா? நான் அப்படித்தான் அனுப்புவேன். ஒருமுறை அந்தப் பையன் ‘ப்ராப்பரா அனுப்புங்க சார்’ என்றான்.

---

காட்பாடி கலைவாணி · இரவு 9:38

தாராளமாக, பாய். நாலு மூலையும் படத்துக்குள் வந்து எழுத்து படிக்க முடிந்தால் போதும். சில சமயம் போன்தான் நல்லது. ஒரு நொடி வந்து மறைகிற மெசேஜை வீடியோவாகப் பிடித்துவிடலாம். டியூப்லைட் வெளிச்சம் திரையில் அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து எடுங்கள்.

---

தொரப்பாடி தினேஷ் · 9 ஜூலை, மதியம் 12:50

வந்துவிட்டது! அக்கா காலை பதினொன்றரைக்கே அனுப்பிவிட்டார். முதலாளி எழுதியதை அப்படியே போடுகிறேன்:

“28 உண்டு. 29 ஞாயிறு லீவு. 30 உண்டு. 1 இல்ல. 2 இல்ல. 3 இல்ல. 4 இல்ல. 5 இல்ல. 6 லீவு. 7 உண்டு. 8 இல்ல. பாப்பா கிட்ட கேட்டா அவ மிஷின்ல எல்லாம் இருக்குன்றா. யார் சொல்றது நெஜம்?”

மூன்று படங்களும் நேற்று இரவு எடுத்தவை. கவுன்ட்டரில் பில் 1590 திறந்திருக்கிறது, தேதி கட்டத்தில் 08/07/2025. கவுன்ட்டர் ரிப்போர்ட்டில் நேற்றைய பில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. முதலாளி மேஜை ரிப்போர்ட் காலி, மேலே 08-07-2025 முதல் 08-07-2025 வரை என்று இருக்கிறது. பார்ட்டி பெயர்களை அக்கா கறுப்பாக அடித்துவிட்டார்.

இரண்டு சிஸ்டமும் ஒரே கோப்பைத்தான் படிக்கின்றன, அதைச் சரிபார்த்துவிட்டேன். அப்புறம் எப்படி ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை?

---

காட்பாடி கலைவாணி · மதியம் 1:10

ஒன்றில் சாய்கோடு, ஒன்றில் சிறுகோடு. பார்த்தீர்களா? ஒரே மென்பொருள், ஒரே நாள். கவுன்ட்டரில் 08/07/2025, மேஜையில் 08-07-2025. கீழே மூலையில் கடிகாரத்துக்கு அடியில் தேதி எப்படி இருக்கிறது என்று இரண்டு படத்திலும் பார்த்துச் சொல்லுங்கள். பட்டையோடு கேட்டதே அதற்காகத்தான்.

---

தொரப்பாடி தினேஷ் · மதியம் 1:14

மேஜையில் 08-07-2025. கவுன்ட்டரில் 7/8/2025.

---

ஃபார்ம்_ஒன்று · மதியம் 1:22

இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மேல் முடியவில்லை. விபி6-இல் இருபது வருடம் ஓட்டியவன்.

கவுன்ட்டர் சிஸ்டம் புதுசா? ஜூன் கடைசியில் மாற்றியிருப்பார்கள். விண்டோஸ் போட்டவர் பகுதி அமைப்பை அமெரிக்கா என்றே விட்டிருக்கிறார். அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். உங்கள் புரோகிராமில் இப்படி ஒரு வரி இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்:

```
d = CDate(txtBillDate.Text)
```

இது அந்த சிஸ்டத்தின் பகுதி அமைப்பைப் பார்த்துத்தான் தேதியைப் படிக்கும். 08/07/2025 என்பது எட்டு ஜூலை என்று அக்கா நினைக்கிறார், சிஸ்டம் ஆகஸ்ட் ஏழு என்று எழுதி வைக்கிறது. 28ஆம் தேதியும் 30ஆம் தேதியும் ஏன் தப்பித்தன? இருபத்தெட்டாவது மாதம் கிடையாது. மாதமாக வைக்க முடியாததை CDate சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு நாளாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் வில்லங்கம். ஏழாம் தேதி ஏன் வந்தது? ஏழாம் மாதம் ஏழாம் தேதியை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.

கவுன்ட்டரில் ஏன் எல்லாம் தெரிகிறது? ரிப்போர்ட்டும் அதே வரியால்தான் தேதியைப் படிக்கிறது. தப்பாக எழுதி, தப்பாகவே தேடுகிறது, கண்டுபிடித்துவிடுகிறது. மேஜை சிஸ்டம் சரியாகத் தேடுகிறது, அதனால் கிடைக்கவில்லை. பாப்பாவும் நிஜம், முதலாளியும் நிஜம்.

புதிதாக எதுவும் போடாமலே சோதிக்கலாம். முதலாளி மேஜையில் 07-08-2025 என்று போட்டு ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் வராத அந்த நாளில் நேற்றைய பில் எல்லாம் உட்கார்ந்திருக்கும்.

---

தொரப்பாடி தினேஷ் · மதியம் 2:05

இருக்கிறது! 1590-உம் இருக்கிறது. போனில் அவர் சொன்னது: “ஆகஸ்ட் மாச யாவாரத்த இப்பவே பண்ணிட்டேனாப்பா?”

சிஸ்டம் மாற்றியது ஜூன் 28 காலையில்தான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

---

காட்பாடி கலைவாணி · மதியம் 2:30

இனி அந்த முதல் செய்தியிலேயே ‘சமீபத்தில் சிஸ்டம், பிரின்டர், விண்டோஸ் ஏதாவது மாற்றினீர்களா’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். எனக்கும் அது விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம், வெள்ளிக்கிழமை வந்த அந்த ‘மொத்தம்’ படம், அதுவும் இதுவேதான் என்று நினைக்கிறேன். வெள்ளி என்றால் நான்காம் தேதி. திருப்பினால் ஏப்ரல் ஏழு. ஏப்ரல் ஏழில் நிஜமாகவே வியாபாரம் நடந்திருக்கும். அந்த பில்லும் சேர்ந்து கூட்டலில் வந்திருக்கும். முதல் மூன்று நாளும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்குப் போயிருக்கும். உங்கள் கோப்பு ஏப்ரலில் தொடங்குவதால் அங்கே பழைய பில் கிடையாது, கூட்டல் இடிக்கவில்லை. நீங்கள் மூன்றாம் தேதி உள்ளே போனபோது எல்லாம் சரியாகத் தெரிந்ததும் அதனால்தான். அக்கா வெட்டாமல் அனுப்பியிருந்தால் 1500 சொச்சம் பில் நம்பர்களுக்கு மேலே நூறு சொச்சத்தில் சில நம்பர்கள் நின்றிருக்கும், அன்றே சந்தேகம் வந்திருக்கும்.

---

தொரப்பாடி தினேஷ் · மதியம் 2:52

பார்த்தேன். நான்காம் தேதி கவுன்ட்டர் ரிப்போர்ட்டில் 98 முதல் 113 வரை, அதற்கப்புறம் 1523-லிருந்து. அக்கா அப்போதே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் வேறு பிரச்சனை என்று ஒதுக்கினேன்.

பகுதி அமைப்பை இப்போதே இந்தியாவுக்கு மாற்றிவிடட்டுமா? `intl.cpl` திறந்து வைத்திருக்கிறேன்.

---

ஃபார்ம்_ஒன்று · மதியம் 2:58

கையை எடுங்கள். மாற்றிய உடனே கவுன்ட்டரிலும் பழைய பில் காணாமல் போகும், அக்காவும் போன் பண்ணுவார். கடை மூடிய பிறகு செய்யுங்கள். முதலில் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். புரோகிராமில் அந்த வரியை மாற்றுங்கள், பில்லில் மட்டும் இல்லாமல் ரிப்போர்ட்டிலும்:

```
t = txtBillDate.Text
d = DateSerial(CInt(Mid(t, 7, 4)), CInt(Mid(t, 4, 2)), CInt(Left(t, 2)))
```

சாய்கோட்டை வைத்துப் பிரிக்காதீர்கள், மேஜை சிஸ்டத்தில் சிறுகோடு வருகிறது. இடத்தை எண்ணி எடுத்தால் இரண்டிலும் ஓடும்.

அப்புறம் தரவு. ஜூலை ஒன்றின் முதல் பில்லிலிருந்து இன்று மூடும்போது உள்ள கடைசி பில் வரை, நம்பரை வைத்து நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுங்கள். ஏழாம் தேதி பில்லுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒருமுறை மட்டும் ஓட்டுங்கள். இரண்டாம் முறை ஓட்டினால் மறுபடி தலைகீழ். அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள், இந்த நாட்களில் முதலாளி தன் மேஜையில் பில் ஏதாவது போட்டாரா என்று. போட்டிருந்தால் அதன் தேதி ஏற்கெனவே சரியாக இருக்கும், அதைத் தொடக் கூடாது.

---

தொரப்பாடி தினேஷ் · மாலை 4:15

கேட்டேன். இரண்டாம் தேதி அக்கா சாப்பிடப் போனபோது இரண்டு பில் போட்டாராம். நம்பர் 1494, 1495. கேட்காமல் ஓட்டியிருந்தால் அவை பிப்ரவரிக்குப் போயிருக்கும்.

ஆனால் அக்கா, அவர் பட்டியலில் ‘2 இல்ல’ என்று எழுதியிருந்தாரே? மேஜையில் அந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டுமே?

---

காட்பாடி கலைவாணி · மாலை 4:28

இரண்டு பில் தெரிந்திருக்கும். இருபது வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தால் கடைக்காரருக்கு அது ‘இல்ல’தான். என் கேள்வியில்தான் கோளாறு. உண்டா இல்லையா என்று கேட்டேன். ‘எத்தனை பில் தெரிகிறது’ என்று எண்ணிக்கை கேட்டிருக்க வேண்டும்.

---

பாகாயம் பாபு · மாலை 5:02

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே இரண்டு சிஸ்டத்திலும் எனிடெஸ்க் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் இதே விஷயம் அன்றே தெரிந்திருக்கும். குறை எனிடெஸ்க்கில் இல்லை. அதோடு, தப்பு விண்டோஸ் போட்ட ஆளுடையது. முதலாளியிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் தினேஷ், இல்லாவிட்டால் ஏஎம்சி புதுப்பிக்கும்போது பிடிப்பார்.

---

ஃபார்ம்_ஒன்று · மாலை 5:20

எங்கே என்ன அமைப்பு இருந்தாலும் தேதியைச் சரியாகப் படிப்பது புரோகிராமின் வேலை. விண்டோஸ் போட்டவர் மேல் தள்ளினால் நாளைக்கு அவர் வேறு ஒரு பில்லிங் சாப்ட்வேரைக் கடைக்குக் கொண்டு வருவார்.

---

பாகாயம் பாபு · மாலை 5:24

அது உங்கள் காலத்து நியாயம் அண்ணா.

---

தொரப்பாடி தினேஷ் · 10 ஜூலை, காலை 10:35

நேற்று இரவு ஒன்பதரைக்கு முடித்தேன். 1494, 1495 தவிர மற்றதெல்லாம் மாற்றியாயிற்று. இன்று காலை முதலாளி மேஜையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு நாளாகப் பார்த்தார், பில் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. ஜூன் பில் எதிலும் கை வைக்கவில்லை என்று ஆடிட்டரிடமும் பேசிவிட்டேன்.

யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. ‘எங்க புரோகிராம் தேதிய மாத்திப் படிச்சிடுச்சி அண்ணா’ என்று மட்டும் சொன்னேன். சிஸ்டம் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று எங்கள் ஆபீஸிலும் இரண்டு கட்சி.

---

ஆம்பூர் ரஃபி · காலை 11:12

தம்பி, இதையெல்லாம் படித்துவிட்டு என் கடை கம்ப்யூட்டர் மூலையைப் பார்த்தேன். 7/10/2025 என்று இருக்கிறது. மார்ச்சில் வாங்கியது. பில் போடுவதும் ரிப்போர்ட் பார்ப்பதும் அதே ஒன்றில்தான். எங்கள் சாப்ட்வேர் பையனுக்குப் படம் அனுப்பப் போகிறேன், நாலு மூலையும் தெரிகிற மாதிரி. கூட வேறு என்ன எழுத வேண்டும்?

---

ஃபார்ம்_ஒன்று · காலை 11:20

ஏப்ரல் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஒரே ரிப்போர்ட்டாக எடுத்து, அதில் வருகிற முதல் பில் நம்பரையும் கடைசி பில் நம்பரையும் எழுதுங்கள் பாய். இடையில் நம்பர் தாவினால் அதையும் எழுதுங்கள்.